மருந்தைத் தொடங்குவது போலவே நிறுத்துவதும் சிகிச்சைதான்

உள்நோயாளியாகச் சேர்ந்த ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கப்படும்போது அவருடைய குடும்பத்தினர் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. அந்த ஊசியை மாற்றும்போதோ நிறுத்தும்போதோதான் கேள்வி எழுகிறது. “அப்பாவுக்கு நேத்துதான் காய்ச்சல் விட்டிருக்கு. இப்பவே ஊசிய நிப்பாட்டினா திரும்ப வந்துராதா சார்?” இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வார்டுகளைச் சுற்றி வரும் மருத்துவர்கள் எல்லோரும் இக்கேள்வியை அறிவார்கள். கேட்பவரின் அச்சம் நியாயமானது. அதற்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அந்த விடையோடு என்னுடைய கருத்து ஒன்றையும் இக்கட்டுரையில் முன்வைக்க விரும்புகிறேன்.

என் கருத்து இதுதான்: மருத்துவமனையில் தொடங்கப்படும் ஒவ்வோர் ஆன்டிபயாட்டிக்கையும் 48 மணி நேரம் ஆனதும் மருத்துவர் மறுபடி ஆராய்ந்து, அதைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பதைக் காரணத்தோடு நோயாளியின் கோப்பில் எழுத வேண்டும். அந்த முடிவைக் குடும்பத்தினர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோகால்சிடோனின் என்னும் இரத்தப் பரிசோதனை இம்முடிவுக்குத் துணை செய்யும்; ஆனால் முடிவை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது.

ஏன் 48 மணி நேரம்?

கடுமையான காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ஒருவர் வந்து சேரும்போது, நோய்க்குக் காரணமான கிருமி எது என்று எவருக்கும் தெரியாது. தெரியும்வரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே காரணமாக இருக்கக்கூடிய பல கிருமிகளையும் ஒருசேரத் தாக்கும் மருந்தைத் தொடங்குகிறோம். இது ஊகத்தின் பேரில் தொடங்கும் சிகிச்சை. அந்த நேரத்தில் அதுவே சரியான செயல்.

மருந்தின் முதல் ஊசிக்கு முன்னர் இரத்தம், சளி, சிறுநீர் ஆகியவற்றில் தேவையானவற்றைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். ஆய்வகத்தில் அந்த மாதிரியிலுள்ள கிருமி வளர வேண்டும். வளர்ந்த கிருமி இன்னதென்று அறிய வேண்டும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதிக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் ஆகும். நோயாளியின் உடல் முதல் மருந்துக்கு எப்படி இசைகிறது என்பதும் அதே இரண்டு நாளில் தெரிய வரும். முதல் நாள் இல்லாத தகவல்கள் மூன்றாம் நாள் காலையில் மேசைக்கு வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்த பிறகும் முதல் நாள் ஊகத்தையே பிடித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இரண்டு இடங்களில் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. ஒன்று, மருத்துவமனைக்கு வருமுன் வேறிடத்தில் இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டு வருவது. அப்படி வந்தவரின் கல்ச்சரில் கிருமி வளராமற்போகலாம். “கிருமி வளரவில்லை” என்ற அறிக்கைக்குக் “கிருமி இல்லை” என்று பொருள் கொள்ள முடியாத நிலை அப்போது உண்டாகிறது. எனவே முன்பு போட்ட ஊசி, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றின் சீட்டையும் அட்டையையும் தயங்காமல் எங்களிடம் காட்டுங்கள். மற்றொன்று, மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ பண்டிகை நாளாகவோ அமைந்துவிடுவது. மறுபரிசீலனை ஒரு நாள் தள்ளிப்போனால், பழைய மருந்தும் கேள்வியின்றி இன்னொரு நாள் ஓடுகிறது.

புரோகால்சிடோனின் என்ன சொல்கிறது?

நலமாக இருப்பவரின் இரத்தத்தில் புரோகால்சிடோனின் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஒரு மில்லி லிட்டரில் 0.1 நானோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். பாக்டீரியாக் கிருமிகள் உடலெங்கும் பாதிப்பை உண்டாக்கும்போது பல உறுப்புகள் இப்பொருளை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. சில மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கி, சுமார் ஒரு நாளில் உச்சத்தை எட்டும். கிருமி அடங்கினால் புதிதாகச் சுரப்பது நிற்கும். ஏற்கெனவே இருப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வைரஸ் காய்ச்சல்களில் இது பொதுவாக அவ்வளவு உயர்வதில்லை.

இந்த இறக்கம்தான் எங்களுக்குப் பயன்படுகிறது. ஒரு தடவை எடுத்த அளவைவிட, இரண்டு மூன்று தடவை எடுத்த அளவுகள் காட்டும் போக்கே முக்கியம். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவருக்கு அளவு 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, உச்சத்திலிருந்து 80 விழுக்காடு குறைந்தாலோ, உடல்நிலையும் சீராக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது பற்றிச் சிந்திக்கலாம் என்பது ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்ட விதி.

நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இவ்விதி சோதிக்கப்பட்டு, 2016-இல் முடிவுகள் வெளியாயின. விதியைப் பின்பற்றிய பிரிவில் ஆன்டிபயாட்டிக் நாட்களின் இடைநிலை அளவு 5. வழக்கமான முறையில் 7. குறைவான நாட்கள் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு கூடவில்லை. பிரிட்டனில் 2760 நோயாளிகளிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்விலும் மருந்து நாட்கள் குறைந்தன; ஆனால் குறைந்தது சுமார் ஒரு நாள் மட்டுமே. அங்கும் பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஒரு நாள் சிறிதாகத் தோன்றலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாள் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு மருத்துவமனையின் ஓராண்டுக் கணக்கில் அது சிறிதன்று.

மருந்தைத் தொடங்கலாமா என்று முடிவு செய்வதற்கு இச்சோதனையை நம்ப முடியாது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், மூச்சுக்குழாய், நுரையீரல் தொற்று ஐயத்தோடு வந்தவர்களுக்குப் புரோகால்சிடோனின் அளவை மருத்துவர்களிடம் கொடுத்தும் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறையவில்லை. செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டு உலகளாவிய வழிகாட்டுதலும், தொடங்குவதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம், நிறுத்தும் முடிவுக்கு உடல்நிலை மதிப்பீட்டோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றே பரிந்துரைக்கிறது.

நாள்வாரியாக ஓர் எடுத்துக்காட்டு

இது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் வரலாறு அன்று. எங்கள் வார்டுகளில் அடிக்கடி காணும் நிலைமையை விளக்குவதற்காக அமைத்தது.

இராஜபாளையத்தைச் சேர்ந்த, நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 64 வயதுப் பெரியவர் ஒருவர் திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சேர்கிறார். சர்க்கரை நோய் உள்ளவர். போன மாதம் வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் தங்கி ஊசி போட்டுக்கொண்டவர். காய்ச்சல் 103 டிகிரி. இரத்த அழுத்தம் 90/60. ஆக்சிஜன் அளவு 90 விழுக்காடு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா தெரிகிறது. இரு கைகளிலிருந்தும் இரத்தமும், கூடவே சளியும் கல்ச்சருக்குப் போகின்றன. புரோகால்சிடோனின் 12.0. அண்மையில் மருத்துவமனையில் இருந்தவர் என்பதால் கடினமான கிருமிகளும் இருக்கக்கூடும் என்று கருதி, பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்னும் வலுவான ஊசியும் அசித்ரோமைசினும் தொடங்கப்படுகின்றன.

புதன்கிழமை காலை 10 மணி. காய்ச்சல் 100-க்கு இறங்கியிருக்கிறது. இரத்த அழுத்தம் 120/70. சிறிதளவு ஆக்சிஜனிலேயே அளவு 95 நிற்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். சளிக் கல்ச்சரில் நியூமோகாக்கஸ் என்னும் கிருமி வளர்ந்திருக்கிறது. அது பென்சிலினுக்குக் கட்டுப்படும் என்றும் அறிக்கை சொல்கிறது. இரத்தக் கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை. புரோகால்சிடோனின் 6.1, ஏறத்தாழப் பாதி. இப்போது முதல் நாள் தொடங்கிய இரண்டு மருந்துகளையும் நிறுத்திவிட்டு, பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்பிசிலின் ஊசியை மட்டும் கொடுக்கலாம். இதைத்தான் மருந்தின் வீச்சைக் குறுக்குவது என்கிறோம். மருந்தை எந்த நாளில் நிறுத்த எண்ணியிருக்கிறோம் என்பதும் கோப்பில் எழுதப்படுகிறது.

வியாழக்கிழமை காய்ச்சல் இல்லை. வாய்வழி உண்ண முடிகிறது. ஊசிக்குப் பதில் அமாக்சிசிலின் மாத்திரை. கையிலிருந்த ஊசிக் குழாய் அகற்றப்படுகிறது. வெள்ளிக்கிழமை புரோகால்சிடோனின் 1.9. பன்னிரண்டில் 80 விழுக்காடு குறைந்தால் 2.4 என்று வர வேண்டும். அதற்கும் கீழே வந்துவிட்டது. ஐந்து நாள் மருந்தும் அன்றிரவு நிறைவடைகிறது. சனிக்கிழமை காலை, காய்ச்சலின்றி இரண்டு நாள் ஆகிவிட்டதால், ஆன்டிபயாட்டிக் இல்லாமலே வீடு திரும்புகிறார். ஐந்து நாளில் எடுத்த புரோகால்சிடோனின் சோதனைகள் மூன்றே. இது சாதாரண இரத்தச் சோதனைகளைவிட விலை கூடியது. தினமும் எடுக்க வேண்டிய தேவையில்லை.

இந்த மாற்றங்களில் குடும்பத்தினரை மிகவும் கலங்கச் செய்வது புதன்கிழமை முடிவுதான். விலை உயர்ந்த ஊசியை நிறுத்திவிட்டு விலை குறைந்த பழைய மருந்தைக் கொடுத்தால், சிகிச்சை தரம் இறங்கிவிட்டது என்று தோன்றுகிறது. உண்மையில், கிருமி இன்னதென்று தெரிந்த பிறகு அந்தக் கிருமிக்குப் பொருத்தமான மருந்தே நல்ல மருந்து. பூட்டு எது என்று தெரியாதபோது சாவிக்கொத்து முழுவதும் வேண்டும். தெரிந்த பிறகு ஒரு சாவி போதும்.

வீடு திரும்பிய பிறகும் இருமலும் அசதியும் சில வாரம் இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிந்த வெண்மை முழுவதும் மறைவதற்கும் பல வாரம் ஆகும். இவை மருந்தைத் தொடர வேண்டியதற்கான அடையாளங்கள் ஆகமாட்டா. காய்ச்சல் திரும்புதல், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, உணவு கொள்ளாமை ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே வர வேண்டும்.

எண் ஏமாற்றும் இடங்கள்

அதே பெரியவருக்குப் புதன்கிழமை காய்ச்சல் தணியாமல், 12.0 என்ற அளவு 14 ஆகியிருந்தால் என்ன செய்வது? இன்னும் வலுவான மருந்தைச் சேர்ப்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. அதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறதா? கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படாததா? நோயே வேறா? சீழை வெளியேற்றாமல் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பயன் குறைவு. ஸ்கேன் எடுப்பதும் மறுபடி உடலைச் சோதிப்பதும் அன்றைய வேலை.

பாக்டீரியாத் தொற்று இல்லாமலும் புரோகால்சிடோனின் உயரும். பெரிய அறுவை சிகிச்சை, கடும் தீக்காயம், பலத்த விபத்துக் காயம் ஆகியவற்றுக்குப் பிறகும், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களிடமும், கடுமையான மலேரியாவிலும் அளவு கூடியிருக்கலாம். மறுபுறம், தொற்று இருந்தும் அளவு தாழ்ந்திருக்கலாம். நோயின் முதல் சில மணி நேரத்திலும், ஓரிடத்தில் அடைபட்ட சீழ்க்கட்டியிலும், காசநோயிலும் இது நடப்பதுண்டு. எண்ணை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்துவது எவ்வளவு தவறோ, எண்ணை மட்டும் பார்த்து மருந்தைத் தொடர்வதும் அவ்வளவு தவறு.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தோப்புகளிலும் புதர் மண்டிய வரப்புகளிலும் வேலை செய்வோர்க்கு, மழைக்குப் பிந்திய மாதங்களில் ஸ்கரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வரக்கூடும். ஒருவகைச் சிற்றுண்ணியின் கடியால் பரவுவது இது. கடிபட்ட இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில் இருப்பதால், கூச்சத்தினால் சொல்லப்படாமலே போய்விடுகிறது. இந்நோயிலும் புரோகால்சிடோனின் உயரலாம். ஆனால் செஃப்ட்ரியாக்சோன், பிப்பராசிலின், மெரோபெனம் போன்ற விலையுயர்ந்த ஊசிகள் இக்கிருமியிடம் செல்லுபடியாகா. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினுமே வேலை செய்யும். பெரும்பாலோர்க்கு டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் விடும். நோய் உறுதியாகி, வேறு தொற்றுக்கு அடையாளம் இல்லையென்றால், மற்ற ஊசிகளை நிறுத்திவிடலாம். 48 மணி நேர மறுபரிசீலனையில் ஆய்வக அறிக்கையோடு நோயாளியின் தோலையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குறைப்பது மட்டுமே எங்கள் நோக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஸ்கரப் டைபஸுக்கு அந்த இரண்டில் ஒரு மருந்தைத் தனியே கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே சிறந்தது என்று தெரிந்தது. மறுபரிசீலனை சில வேளைகளில் மருந்தைக் கூட்டவும் சொல்லும்.

“கோர்ஸ் முடிக்க வேண்டாமா?”

ஆன்டிபயாட்டிக்கை இடையில் நிறுத்தாதீர்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்கள் மருத்துவர்களே. இப்போது நாங்களே நிறுத்தும்போது முரணாகத் தோன்றுவது இயல்பு. நோயாளி தாமாக நிறுத்துவதும், உடல்நிலை, கல்ச்சர், இரத்த அளவு மூன்றையும் பார்த்து மருத்துவர் நிறுத்துவதும் ஒன்றல்ல. கோர்ஸ் என்பது எல்லா நோய்க்கும் பொதுவான நாள் கணக்கும் அன்று. சிக்கலில்லாத நிமோனியாவுக்கு, உடல்நிலை சீரடைந்துவிட்டால், ஐந்து நாளே முழுக் கோர்ஸ்தான்.

சில நோய்களில் நாட்களைக் குறைக்கவே கூடாது. காசநோய்க்கு மாதக்கணக்கு. இதய வால்வில் தொற்றுக்கும் எலும்புத் தொற்றுக்கும் வாரக்கணக்கு. இரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி வளர்ந்தால், காய்ச்சல் விட்டு நலமாகத் தோன்றினாலும் குறைந்தது இரண்டு வாரம் ஊசி தொடர வேண்டும். இவற்றில் புரோகால்சிடோனின் குறைந்துவிட்டது என்பதைக் காரணமாகக் கொண்டு நிறுத்துவதில்லை.

தேவைக்கு மேல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கடும் வயிற்றுப்போக்கு வரலாம். சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஊசிக் குழாய் வழியே புதுத் தொற்று நுழையலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உடலில் தங்கிவிட்டால், அடுத்த முறை அதே நோயாளிக்கு எங்களிடம் உள்ள மருந்துகள் குறைந்துவிடும். 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டிய வழிகளைச் சென்னைப் பிரகடனமாக வெளியிட்டது இந்த ஆபத்தை முன்னிட்டுத்தான். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் கடந்தும், மூன்றாம் நாள் காலையில் கோப்பைத் திறந்து “இந்த ஊசி இன்னும் எதற்கு?” என்று கேட்கும் வழக்கம் எல்லா வார்டுகளிலும் வேரூன்றவில்லை என்பது என் வருத்தம்.

இதற்குப் பெருநகர வசதிகள் வேண்டியதில்லை. புரோகால்சிடோனின் சோதனை இல்லாத சிறு மருத்துவமனையிலும் முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுக்கலாம். மூன்றாம் நாள் காய்ச்சல், இரத்த அழுத்தம், மூச்சு, உணவு ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம். சோதனை இருக்குமிடத்தில் அது அம்முடிவுக்கு உறுதி சேர்க்கும். கோப்பில் ஒரு வரி எழுதுவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

குடும்பத்தினர் செய்யக்கூடியதும் எளிது. உங்கள் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மருத்துவர் வரும்போது, கல்ச்சரில் என்ன வந்தது, மருந்து எந்த நோய்க்காகத் தொடர்கிறது, எந்த நாளில் நிறுத்த எண்ணியிருக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்பதை எந்த மருத்துவரும் குறையாகக் கொள்ளக் கூடாது. “நிறுத்திவிடலாம்” என்று விடை வந்தால், நிறுத்திய பிறகு எந்த அறிகுறிக்காகக் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.